ரோஜர் அனுப்புன நானூறு டாலர்

அந்தக் கட்டத்துல மட்டும் கை வெச்சுடாதீங்க சார். பேனாவ மொதல்ல கீழ வைங்க. மத்ததெல்லாம் எப்புடி வேணா கிறுக்குங்க, அப்பா பேர மாத்திக்கூட எழுதுங்க, உள்ள ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க. பணம் எதுக்காக வருதுன்னு கேக்குது பாருங்க ஒரு கட்டம், அது மட்டும் வெளையாட்டுக் கட்டம் இல்ல. அந்தக் கட்டத்தால இந்த அரூர்ல ஒரு கல்யாணமே நின்னிருக்குது.

சிரிக்காதீங்க. நான் சொல்றது ஒவ்வொரு எழுத்தும் நெசம். வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம். எங்க மாதா உங்களுக்குப் பத்தலைன்னா தீர்த்தமலை சாமி மேலயும் சத்தியம். நடந்தது பாய் வூட்டுலங்கறதால பள்ளிவாசல் பக்கம் திரும்பி இன்னொரு சத்தியமும் போட்டுடறேன். மூணு எடத்துலயும் பொய் சொல்லிட்டு நான் எந்த ஆஸ்பத்திரில போய்ச் சாவறது?

யாரா? நான் சவுரியப்பன். இந்த பேங்க் வாசல்ல இருபத்தாறு வருஷமா ஃபாரம் எழுதிக் குடுக்கறேன். ஒரு ஃபாரத்துக்குப் பத்து ரூபா, வெளிநாட்டு ஃபாரமா இருந்தா இருபது. மேனேஜருங்க பதினோரு பேரு மாறிட்டாங்க, நானும் இந்த ஸ்டூலும் மாறல. உக்காருங்க, உள்ள சர்வர் போயிடுச்சு. போனா போனது தான், சாப்பாட்டு நேரம் முடிஞ்சா தான் வரும்.

உங்க பையன் எங்க இருக்கான்? தோஹாவா. அப்ப உங்களுக்கு ஒரு சங்கடமும் இல்ல. குடும்பச் செலவு. பி ஆயிரத்து முந்நூத்தி ஒண்ணு. அந்த நம்பரு எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். இந்த ஊருக்கு வெளிநாட்டுக் காசுன்னு வந்ததெல்லாம் அந்த நம்பர்ல வந்தது தாங்க. புருஷன் சவுதில, மவன் குவைத்துல, மச்சான் மஸ்கட்ல. போனவன் அனுப்புவான், இருக்கறவ வாங்குவா. வேற எதுக்கு ஒருத்தன் நமக்குக் காசு அனுப்பப் போறான், சொல்லுங்க?

அப்புடித் தான் இருந்துச்சு, அலீனா வர்ற வரைக்கும்.

எதிர்ல அந்தத் தையக்கடை தெரியுதுங்களா, பச்சை போர்டு? நூர் பாஷா கடை. அவரோட ஒரே பொண்ணு தான் அலீனா. கம்ப்யூட்டர் படிப்பு படிச்சுட்டு வூட்டுல இருந்துச்சு. பாஷா ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கறவரு. சட்டைப் பாக்கெட்டுல பேட்ஜ் போடறதுக்குன்னு செகண்ட்ஹேண்டுல ஒரு எம்பிராய்டரி மிஷின் வாங்கிப் போட்டாரு, கம்ப்யூட்டர் மிஷின். அந்த மிஷினு இருக்குதே, அது ஒரு அரைக்கிறுக்கு. ஃபோட்டோவக் குடுத்தா தைக்காது. ஊசி எங்க எறங்கணும், நூல் எந்தப் பக்கம் சாயணும், எந்தக் கலரு மொதல்ல, எங்க அறுத்துட்டு எங்க தாவணும், அத்தனையும் ஒருத்தர் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தா தான் அது அசையும். பேட்ஜுக்கு ஒவ்வொரு தடவையும் சேலத்துல காசு குடுத்துப் போட்டுட்டு வந்தாரு. பொண்ணு பார்த்துச்சு, இதென்ன பெரிய வித்தையான்னு தானே உக்காந்து கத்துக்கிச்சு. நூல் இழுக்கறப்ப துணி சுருங்குமாம். வட்டம் போட்டா தச்சு முடிக்கறப்ப முட்டையா நிக்குமாம். அதனால வட்டத்தையே கொஞ்சம் அகலமா, தப்பா போடணுமாம், அப்ப தான் சரியா வரும்னு எனக்கே ஒருநாள் பாடம் எடுத்துச்சு. தப்பா போட்டா சரியா வர்ற தொழில மொதமொதல்ல அப்பதாங்க கேள்விப்பட்டேன்.

அது தச்ச மாதிரிகளப் படம் புடிச்சு, எம்பிராய்டரிக்காரங்க கூடற ஏதோ ஒரு குரூப்ல போட்டிருக்குது. அதப் பார்த்துட்டு ஒருத்தன் எழுதியிருக்கான். ரோஜர்னு பேரு, அமெரிக்காவுல விஸ்கான்சின்னு ஒரு ஊரு. தொழில் என்ன தெரியுங்களா? நாய்க்கு கோட்டு தைக்கறது. அடப் பொய்யில்லைங்க. அங்க பனி முட்டி வரைக்கும் விழுமாம். நாய்க்குக் கோட்டு தச்சா மட்டும் பத்தாதாம், அந்த நாயோட மூஞ்சியவே கோட்டு மேல எம்பிராய்டரி போட்டுக் குடுக்கணுமாம். நாய் ரோட்டுல போறப்ப அது யாருன்னு அதுக்கே மறந்துடும் போல.

ஒரு மூஞ்சிக்கு முப்பது டாலரு. பதினாலு நாய். அலீனா ஒவ்வொண்ணா ரோமம் எந்தப் பக்கம் படியுதுன்னு பார்த்துப் பார்த்து, அப்பன் கடை மிஷின்லயே தச்சுப் பார்த்து அனுப்பிச்சு. வூட்டுல யாருக்கும் தெரியாது. பேட்ஜ் வேல செய்யுதுன்னு நெனச்சுட்டு இருந்தாங்க.

ஏன் சொல்லலையா? நல்லாக் கேட்டீங்க. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க. கடத்தூர்ல மொத்த மளிகை வியாபாரம் பண்றவங்க வூடு. பையன் பேரு ஃபைசான். பையன் பரவால்ல, அவங்கப்பா முன்னாடி கொஞ்சம் சத்தம் கம்மி, அவ்வளவு தான். நிச்சயத்துக்குச் சர்க்கரை குடுத்தாச்சு, மோதிரம் போட்டாச்சு, அடுத்த மாசம் இருபதாம் தேதி நிக்காஹ். மண்டபத்துக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு. இதுல போய் நாய் மூஞ்சின்னு எவ ஆரம்பிப்பா?

காசு வாங்கற வழியிலயே மொதல் சிக்கல். அதுக்குன்னு ஆப்பெல்லாம் இருக்குதாமே. ஆனா அந்த ரோஜரு பழைய ஆளு, பேங்க்ல இருந்து பேங்க்குக்குத் தான் அனுப்புவேன்னுட்டான். பில்லு போட்டு, பேங்க் விவரமெல்லாம் அனுப்புன்னான். நம்ம பாஸ்புக்குல இருக்கற நம்பரு உள்நாட்டுக்குத் தான் ஆகும், வெளிநாட்டுக்குன்னு தனியா ஒரு ஸ்விஃப்ட் கோடு வேணும். இந்த மாதிரி சின்ன பிராஞ்சுக்கு அது கெடையாது. உள்ள மூணாவது கவுண்டர்ல எழிலரசி மேடம்னு ஒருத்தங்க இருக்காங்க, தங்கமான பொம்பள, அவங்க தான் சேலம் பெரிய பிராஞ்சோட கோட எடுத்துக் குடுத்தாங்க. காசு மொதல்ல அங்க எறங்கும், என்ன காசுன்னு நம்மக் கிட்ட எழுதி வாங்கிட்டு தான் நம்ம கணக்குக்கு அனுப்புவாங்கன்னு சொன்னாங்க. பொண்ணு எல்லாத்தையும் சரியா எழுதி அனுப்பிடுச்சு.

ஒண்ணே ஒண்ண மறந்துடுச்சு. அந்தக் கணக்கு அது பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப ஸ்காலர்ஷிப்புக்காக ஆரம்பிச்சது. அதுல குடுத்திருந்த ஃபோன் நம்பரு பாஷாவோடது.

அஞ்சாம் நாளு கடைல பாஷா ஒரு ஹெட்மாஸ்டருக்கு பேண்ட் அளவு எடுத்துட்டு இருக்காரு. வாய்ல குண்டூசி, கைல டேப்பு. ஃபோன் அடிக்குது, மிஷின் மேலயே வெச்சு ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு. சேலம் பேங்க்ல இருந்து ஒரு பொம்பளப் புள்ள பேசுது. அலீனாங்கறவங்க உங்க பொண்ணுங்களா, அவங்களுக்கு அமெரிக்காவுல இருந்து ரோஜர்ங்கறவரு நானூறு டாலர் அனுப்பியிருக்காரு, அவரு உங்களுக்கு என்ன உறவு, எதுக்காக அனுப்பறாருன்னு கேக்குது. ரோஜரு கடைக்குப் பேரு என்னவா இருந்தாலும், கணக்கு அந்தாளு சொந்தப் பேர்ல தான் இருக்குதாம். அதனால கம்பெனி பேரு வரல, ஆம்பள பேரு வருது. கடைல அப்ப நாலு பேரு. அந்த ஹெட்மாஸ்டருக்கு அன்னிக்கு எடுத்த அளவுல ஒரு காலு ரெண்டு இஞ்சு கம்மி. இன்னிக்கும் பிரேயர்ல சாஞ்சு தான் நிக்கறாரு, வேணும்னா போய்ப் பாருங்க.

சரி, ரெண்டு இஞ்சு இல்ல. அரை இஞ்சு. சத்தியம் பண்ணிட்டு உங்கக் கிட்ட ஏன் பொய் சொல்லணும்.

வூட்டுக்குப் போனாரு. பரிதாம்மா, பாஷா சம்சாரம், விஷயத்தக் கேட்டு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதுச்சு. யாருடி அந்த ரோஜருன்னுச்சு. அழுகைக்கு நடுவுலயே நானூறு டாலருன்னா நம்ம காசுக்கு எவ்வளவுன்னும் கேட்டுச்சு. அலீனா லேப்டாப்பத் தொறந்து பதினாலு மூஞ்சியையும் வரிசையா காட்டுச்சு. பொசபொசன்னு ஒண்ணு, தாடி வெச்சது ஒண்ணு, ஒத்தக் கண்ணு கறுப்பா ஒண்ணு. பரிதாம்மா அழுகைய நிறுத்திட்டு வெச்ச கண்ணு வாங்காம பார்த்துச்சாம். அப்புறம் சொல்லிச்சாம்: வாசப்படி தாண்டி ஒரு நாய நான் விட்டதில்ல, நீ எனக்குத் தெரியாம பதினாலு வளத்திருக்கே.

பாஷா அந்தத் தாடி வெச்ச நாயவே உத்துப் பார்த்துட்டு இருந்தாராம். காதுக்கிட்ட தையலு ரெண்டு திசைல போவுதே, இந்த மடிப்ப நீ எப்புடிப் போட்டேன்னாராம். அவ சொன்னா. பில்லு நானூத்தி இருபதாச்சே, இருபது எங்கன்னு அடுத்த கேள்வி. நடுவுல ஒரு பேங்க் இருக்குது, காசு அதத் தாண்டி தான் வரணும், அது புடிச்சுக்கும்னா. தொப்பூர்ல எறங்குனா டோல்கேட்டு கட்டற மாதிரியான்னாரு. அவ்வளவு தான் அவரு அன்னிக்குப் பேசுனது. திட்டல, பாராட்டல.

ஆனா ஹெட்மாஸ்டரு வாய் சும்மா இருக்குமா? ரெண்டே நாள்ல கடத்தூருக்குப் போயிடுச்சு. மளிகைக்காரரு வந்துட்டாரு, சம்பந்தி. சாயா குடிச்சாரு, பிஸ்கட்டு தின்னாரு, நிதானமா தான் பேசுனாரு. பொண்ணு கெட்டிக்காரி, சந்தோசம். இந்தக் காசுல ஒரு ஃப்ரிட்ஜ் எடுத்துக் கல்யாணத்தோட அனுப்பிடுங்க. ஆனா அந்த லேப்டாப் இங்கயே இருக்கட்டும். எங்க வூட்டுப் பொம்பளைங்க வெளியாளு கூட லெட்டர் எழுதிட்டு இருக்க மாட்டாங்க, ரோஜரா இருந்தாலும் ரஹீமா இருந்தாலும். இத இப்பவே சொல்லிடறேன், பின்னாடி மனஸ்தாபம் வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு.

அலீனா அப்பங்கிட்ட கெஞ்சுச்சு பாருங்க, மூணு நாளு. ரோஜர் அடுத்து முப்பது நாய் அனுப்பறேன்னு எழுதியிருக்கான். கல்யாணம் வேணாங்கல, தள்ளி வைங்க, இல்ல லேப்டாப்புக்கு மட்டும் சம்மதம் வாங்குங்கன்னு கேட்டுச்சு. பாஷா ஒரே பதில். ஜமாஅத்துல நாலு பேரு முன்னாடி வாக்குக் குடுத்துட்டேன், குடுத்த வாக்க நான் உடைக்க மாட்டேன். முப்பது வருஷமா இந்த பஜார்ல அந்த ஆளுக்கு இருக்கற ஒரே சொத்து அது தாங்க. தைச்சுத் தர்றேன்னு சொன்ன தேதிக்குத் தந்த ஒரே தையக்காரன் இந்த மாவட்டத்துலயே அவரு தான். சத்தியமா.

இப்ப ஃபாரத்துக்கு வர்றேன். சேலத்துக்காரங்க இந்த மாதிரி ஒரு ஃபாரம் அனுப்பி, நிரப்பிக் குடுங்க, அப்ப தான் ரூபாயா மாத்திப் போடுவோம்னாங்க. அப்பனும் பொண்ணும் வந்தாங்க. பொண்ணு கடைசில கையெழுத்துப் போட்டுட்டு, பான் கார்டு, ஆதார் ஜெராக்ஸக் குடுக்க உள்ள போச்சு. நான் இங்க உக்காந்து எழுதறேன். பேரு, கணக்கு நம்பரு, டாலரு, அனுப்புனவரு. அப்புறம் இந்தக் கட்டம். பாஷா நின்னுட்டு இருக்காரு. நான் பி ஆயிரத்து முந்நூத்தி ஒண்ணுன்னு எழுதிட்டேன். குடும்பச் செலவு.

ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல. இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானா போயிடுச்சு. ஊர்ல அப்புடித் தான் பேசிக்கறாங்க, கெழவனுக்குக் கண்ணும் போச்சு புத்தியும் போச்சுன்னு. பாஷாவும் படிச்சுப் பார்க்கல, நேரா வாங்கிட்டுப் போய்க் கவுண்டர்ல குடுத்துட்டாரு. எழிலரசி மேடம் அன்னிக்கு நகைக்கடன் கூட்டத்துல இருந்தாங்க, படிச்சுப் பார்க்காம ஸ்கேன் பண்ணி சேலத்துக்குத் தட்டி விட்டாங்க.

மறுநாளு காசு ஏறிடுச்சு. டாலருக்கு எண்பத்தி நாலு ரூபா பத்து பைசா வெச்சு, மாத்தறதுக்கு வரி அறுபது ரூபா சொச்சம், பேங்க் கூலி நூத்திப் பதினெட்டு, எல்லாம் போக முப்பத்தி மூவாயிரத்து நானூத்தி அறுபத்தி ஒண்ணு, நாப்பத்தஞ்சு பைசா. மெசேஜ் பாஷா ஃபோனுக்குத் தான வரும். மூணு பேரும் சோறு தின்னுட்டு இருந்தப்ப வந்துச்சாம். அவரு படிச்சாரு. பரிதாம்மா மறுக்கா படிங்கன்னுச்சாம். படிச்சாரு. அந்தப் பைசாவையும் சேர்த்துப் படிங்கன்னுச்சாம். அவங்க வூட்டுல பொம்பள பேருக்கு நேரா அவ்வளவு பெரிய தொகை அதுக்கு முன்னாடி நகைக்கடன்ல தான் வந்திருக்குது. அலீனா தட்டப் பார்த்துட்டே சிரிச்சுச்சாம், அப்புறம் கையக் கழுவிட்டு உள்ள போய் அழுதுச்சாம். இருபதாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாளு.

அதுக்கப்புறம் தான் அந்தக் கூத்து. இந்த மாதிரி வெளிநாட்டுக் காசு வந்தா பேங்க்குல ஒரு சீட்டு குடுப்பாங்க. யாரு அனுப்புனது, எவ்வளவு, என்ன காரணம், எல்லாம் அச்சடிச்சு, சீல் வெச்சு. பாஷா அத வாங்கிட்டுப் போனவரு, பொண்ணுகிட்டக் காட்டறதுக்கு முன்னாடியே படம் புடிச்சு வாட்ஸப்புல அனுப்பிட்டாரு. யாருக்கு? கடத்தூர் சம்பந்திக்கு. கீழ ஒரு வரி வேற: இது சுத்தமான காசு, பேங்க் சீலே இருக்குது பாருங்க.

ஆமாங்க, அந்தச் சீட்டத் தான். அனுப்புனவரு ரோஜர். வாங்குனவ அலீனா. காரணம், குடும்பப் பராமரிப்பு.

சம்பந்திக்கு இங்கிலீஷ் வராது. அவரு பெரிய மவன் குவைத்துல பணம் அனுப்பற கடைலயே வேல பாக்கறவன், அவனுக்கு அனுப்பிக் கேட்டிருக்காரு. அவன் ஒரே வார்த்தைல சொல்லிட்டான்: இது புருஷன் பொண்டாட்டிக்கு அனுப்பற நம்பரு.

மத்தியானம் மூணு மணிக்கு ஒரு ஆம்னி வேன் வந்து நிக்குது. அதுல பதினோரு பேரு. சரி, அஞ்சு பேரு. ஃபைசான் எறங்கவே இல்ல, ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே மிக்சர் தின்னுட்டு இருந்தான். சம்பந்தி தெருவுல நின்னே கேட்டாரு, யாருய்யா அந்த ரோஜரு, உன் பொண்ணுக்குக் குடும்பம் நடத்தக் காசு அனுப்பறவன்? பாஷா கைய நெஞ்சுல வெச்சுக்கிட்டு, ரொம்பப் பணிவா சொன்னாரு: அவரு நாய்க்கு கோட்டு தைக்கறவருங்க.

அவ்வளவு தான். கிண்டல் பண்றான்னு நெனச்சுட்டாங்க. மோதிரத்தத் திருப்பிக் குடுத்துட்டு, உன் வாக்கும் வேண்டாம் உன் பொண்ணும் வேண்டாம்னு நாலு தெருவுக்குக் கேக்கறாப்புல சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் ஃபைசான் மட்டும் அலீனாவுக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கான், அந்த ரோஜருக்கு என்ன வயசுன்னு. இந்தப் பொண்ணு அந்தாளு படத்த அனுப்புச்சு. எழுபது வயசு, தொப்பை, மடில ஒரு நாய். பையன் உடனே ப்ளாக் பண்ணிட்டான். எதப் பார்த்து பயந்தான்னு தெரியல.

அலீனா அதுக்கப்புறம் தான் அந்தச் சீட்டயே பார்த்துச்சு. கல்யாணம் நின்னது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க நெனக்கற மாதிரி அது சந்தோசத்துல குதிக்கல. அது மூஞ்சில ரத்தமே இல்ல. தெருவுல போனா பொம்பளைங்க பேச்ச நிறுத்தறாங்க, நிறுத்திட்டு அது வயித்தப் பாக்கறாங்க. அப்பங்கிட்ட ஒரே கேள்வி கேட்டுச்சு, கையெழுத்துக்கு மேல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுப் பார்க்க மாட்டீங்களா, படிக்காததத் தான் ஊருக்கு அனுப்புவீங்களா. அவரு தலையக் குனிஞ்சுட்டு பேட்ஜ் தச்சுட்டு இருந்தாரு. அதுக்கப்புறம் எட்டு நாளு அவரோட பேசல.

மறுநாள் காலைல பேங்க் தொறக்கறப்ப இங்க நிக்குது. என்னப் பார்த்த பார்வைல இந்த ஸ்டூலு எரிஞ்சிருக்கணும். நேரா எழிலரசி மேடத்துக்கிட்டப் போச்சு. நான் வாசல்ல இருந்து காதக் குடுத்தேன். மேடம் பாவம், தன்மையா சொன்னாங்க, காசு தான் வந்துடுச்சேம்மா, காரணத்துல என்ன இருக்குதுன்னு. அலீனா சொன்னது எனக்கு அப்புடியே ஞாபகம் இருக்குது. என்ன யாரும் சோறு போட்டுக் காப்பாத்தல மேடம். நான் வேல செஞ்சேன், அவரு கூலி குடுத்தாரு. அந்த ஒரு வார்த்தைய மாத்திக் குடுங்க, காச வேணும்னாலும் திருப்பி எடுத்துக்கங்க.

நகைக்கடனுக்கு வந்தவங்க தாலிய மறந்துட்டு இதப் பார்க்கறாங்க.

மேடம் சட்டத்த எடுத்துச் சொன்னாங்க. மாத்தலாம், ஆனா வாய்ல சொன்னா ஆகாது. எழுத்துல ஒரு லெட்டரு, தப்பா எழுதிட்டோம், சரியான காரணம் இதுன்னு. கூட அத்தாட்சி. அலீனா ஒரு கட்டு கொண்டாந்துச்சு. ரோஜருக்குப் போட்ட பில்லு, அவன் எழுதுன லெட்டருங்க, பதினாலு நாயோட ஃபோட்டோவும் பக்கத்துலயே தச்ச படமும். மேடம் ஒவ்வொரு நாய் மேலயும் பிராஞ்சு சீல் அடிச்சாங்க. இந்திய நாட்டுல பேங்க் சீல் வாங்குன நாய்ங்க அதுங்க மட்டும் தான் இருக்கும். சேலத்துல இருந்து கேள்வி வந்துச்சு, இது எந்த வகை வேலைன்னு. துணியா, படமா, கம்ப்யூட்டரான்னு. துணி இங்க இருந்து போவல, ஃபைலு தான் போவுதுன்னு அலீனா திரும்ப எழுதுச்சு. அப்ப கம்ப்யூட்டர் வேலைல போடறோம்னாங்க. பி சைபர் எட்டு சைபர் ரெண்டு. இந்த ஊர்ல அந்த நம்பர நான் மொதத் தடவ அன்னிக்குத் தான் கேட்டேன். ஒம்பதாம் நாளு புதுச் சீட்டு வந்துச்சு. ரோஜரு கூலி குடுத்தவருன்னு ஆயிட்டாரு.

பாஷா அதப் பத்து ஜெராக்ஸ் எடுத்தாரு. ஜமாஅத்துல ஒண்ணு, ஹெட்மாஸ்டருக்கு ஒண்ணு. எழிலரசி மேடமே ரெண்டு தெருவுக்குத் தமிழ்ல விளக்கம் சொன்னாங்க. பேசுன வாயெல்லாம் இப்ப எங்க பொண்ணுக்கும் அந்த நாய் வேல கெடைக்குமான்னு கேக்குது. கடத்தூர்ல இருந்து மறுபடியும் ஆள் வந்துச்சு, தெரியாம நடந்துபோச்சு, தேதிய வெச்சுக்கலாம், லேப்டாப்பையும் கொண்டாரட்டும்னு. பாஷா சாயா குடுத்தாரு, பிஸ்கட்டும் குடுத்தாரு. வாக்கு உங்க பக்கம் உடைஞ்சுதுங்க, நான் உடைக்கல. உடைஞ்சதத் தச்சுத் தர்ற மிஷின் எங்கிட்ட இல்லன்னு அனுப்பி வெச்சுட்டாரு. ஜமாஅத்துல ஒருத்தரும் அவரக் குத்தம் சொல்ல முடியல.

இப்ப மாசம் நாப்பது நாய் வருது. குதிரையும் வருதாம். போன வாரம் ஒரு கோழி. பொண்ணு ஃபாரத்தத் தானே எழுதிக்குது, எங்கிட்டக் குடுக்கறதில்ல. எனக்கு மாசம் இருபது ரூபா நட்டம்.

ஆங், சர்வர் வந்துடுச்சு போல, உள்ள பிரிண்டர் சத்தம் கேக்குது. இருங்க, உங்க ஃபாரத்தக் குடுங்க, அந்தக் கட்டத்த நானே போட்டுடறேன். பயப்படாதீங்க சார், எனக்குக் கண்ணு நல்லாத் தான் தெரியுது.

என்னது? இருபத்தாறு வருஷம் எழுதுனவன் எப்புடித் தப்பா எழுதுவான்னா கேக்கறீங்க?

தப்பா எவன் எழுதுனான்.

அலீனா உள்ள போனவுடனே பாஷா குனிஞ்சு எங்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டாரு. சவுரியண்ணே, இந்தக் கட்டத்துல ஒண்ண எழுதிட்டா அப்புறம் மாத்த முடியுமான்னு. முடியும், ஆனா எட்டு பத்து நாளு ஆவும்னேன். குவைத்துல பணக்கடைல இருக்கறவனுக்கு இந்த நம்பரு புரியுமான்னு. புரியும்னேன். வாக்க நான் உடைக்கக் கூடாதுண்ணே, அவங்க உடைக்கட்டும். குடும்பச் செலவுன்னு போட்டுடுங்க. எட்டு நாள் எம் பொண்ணு என்ன முட்டாள்னு நெனச்சுக்கட்டும்னாரு.

எட்டு நாள்னு தான் சொன்னாரு. ரெண்டு வருஷம் ஆவப்போவுது. அது இன்னும் அப்புடித் தான் நெனச்சுட்டு இருக்குது. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவரு ஃபோன வாங்கி ஒவ்வொரு மெசேஜும் படிச்சுக் காட்டுது. இவரும் அப்புடியாம்மான்னு கேட்டுக்கறாரு. ஏன்யா சொல்லித் தொலைக்க வேண்டியது தானன்னு நான் ஒருநாள் கேட்டேன். அந்த எட்டு நாளு தெருவுல அது பட்டது என் கணக்கு, சொன்னா தாங்காது. அந்த வார்த்தைய மாத்துனது அதோட கணக்கு, தன்னந்தனியா நின்னு மாத்துச்சு, அதுல நான் பங்கு கேக்கக் கூடாதுண்ணேன்னுட்டாரு.

உங்க ஃபாரம் முடிஞ்சுது, மூணாவது கவுண்டருக்குப் போங்க. இருபது ரூபா, சில்லறையா இருந்தா நல்லது. ரோட்டத் தாண்டி ஒரு பொண்ணு பையோட வருது பாருங்க, அது தான். உங்களப் பார்த்து, தாத்தா என்ன கதை வுட்டுட்டு இருந்தாருன்னு கேக்கும், எல்லாரையும் கேக்கும். சர்வரப் பத்தித் திட்டிட்டு இருந்தாருன்னு சொல்லிடுங்க சார். அதுக்கு மேல யாரு கேட்டாலும், உங்க சம்சாரமே கேட்டாலும், இதச் சொன்னது சவுரியப்பன் இல்ல.